182 நாள் கணக்கை நம்பாதீர்கள்

கேள்வி: துபாயில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2024 நவம்பர் 1 அன்று ஊரோடு வந்துவிட்டேன். மறுநாளே இங்கு ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்.ஆர்.இ. வைப்பில் 20 லட்சம் ரூபாய், 7% வட்டியில் இருக்கிறது. அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இல்லாததால் நான் என்.ஆர்.ஐ.தான், வரி கிடையாது என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. வருமான வரிச் சட்டப்படி 2024-25-ல் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர்தான். ஆனால் என்.ஆர்.இ. வட்டிக்கு விலக்கு தரும் 10(4)(ii) பிரிவு அந்த நாள் கணக்கைப் பார்ப்பதில்லை; அந்நியச் செலாவணியை ஒழுங்குபடுத்தும் ஃபெமா சட்டத்தின் வரையறையைப் பார்க்கிறது. வேலைக்காக இந்தியா வந்து தங்குபவர், வந்த நாளிலிருந்தே ஃபெமாவின் கண்ணில் உள்நாட்டவர்.

விலக்கு எதற்காக வந்தது என்று பார்த்தால் இது புரியும். வெளிநாட்டில் சம்பாதிப்பவர் பணத்தை அங்கேயே போட்டு வைக்கலாம். அதை இங்கே கொண்டுவந்தால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைக்கும். அதற்கு அரசு தரும் விலைதான் இந்த வரி விட்டுக்கொடுப்பு. வீட்டு வாடகை போல இங்கேயே விளையும் பணம் போகும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு அந்தச் சலுகை இல்லை; அதன் வட்டியில் 30% பிடித்தம், செஸ் வேறு. ஊர் திரும்பியவரைக் கூப்பிட்டு இழுக்க வேண்டிய அவசியமும் அரசுக்கு இல்லை. (தனிநபர் வருமான வரியே இல்லாத துபாயில் இருந்ததால் இந்தச் சலுகை முழுசாக உங்கள் பையில் விழுந்தது. அமெரிக்காவில் இருந்தால் இந்த வட்டிக்கு அந்த நாடு வரி கேட்டிருக்கும்.)

உங்கள் கணக்கில் ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். அக்டோபர் வரையிலான 7 மாத வட்டிக்கு விலக்கு உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வந்த சுமார் 58,000 ரூபாய் உங்கள் வருமானம். 30% அடுக்கில் இருந்தால், செஸ் சேர்த்து ஏறக்குறைய 18,000 ரூபாய் வரி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் சொல்லாதவரை வங்கிக்கு எதுவும் தெரியாது. அது டி.டி.எஸ். பிடிக்காமலேயே வட்டியை வரவு வைத்துக்கொண்டிருக்கும். வரிப் பிடித்தங்களைப் பட்டியலிடும் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்தம் எதுவும் காட்டவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. ரிட்டர்னில் விட்டிருந்தால், விட்டதைப் பின்னர் சேர்க்க உதவும் ஐ.டி.ஆர்.-யு. ரிட்டர்ன் மூலம் கூடுதல் வரியுடன் சேர்த்துவிடுங்கள்.

எஃப்.சி.என்.ஆர். டாலர் வைப்பும் இருந்தால் அதற்கு விதி வேறு. அது வருமான வரி அந்தஸ்தைத்தான் பார்க்கிறது. ஊர் திரும்பியவருக்குச் சில ஆண்டுகள் கிடைக்கும் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலையில் நீங்கள் இருக்கும்வரை, உங்கள் விஷயத்தில் 2026-27 வரை, அந்த வட்டிக்கு விலக்கு தொடரும்.

இந்த வாரமே வங்கிக்குத் திரும்பிய தேதியை எழுத்தில் கொடுத்து, என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். வட்டிச் சான்றிதழை நவம்பர் 1-க்கு முன், பின் என்று பிரித்துக் கேளுங்கள். இதற்காக வைப்பை உடைக்க வேண்டாம்.