எக்செல்லில் ஒரு தசமத்துக்குக் குறைத்துக் காட்டினால் கூட்டல் ஏன் உதைக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்க சேரன்மகாதேவி வயல் அஞ்சு துண்டு. சதுர மீட்டரை சென்ட் ஆக்கி எக்செல்ல ஒரு தசமத்துக்குக் காட்ட வச்சிருக்கேன். கையால கூட்டினா 51.1, கீழே அதுவே 51.3-ன்னு காட்டுது. தம்பிமாரு சந்தேகப்படுதாங்க. எல்லாத்துக்கும் ROUND போட்டு 51.1 ஆக்கிரலாமா?

பதில்:

ஆக்காதீங்க. 51.3-தான் சரி. 51.1 என்பது திரையில் தெரிகிற எழுத்துகளைக் கூட்டி வந்தது, நிலத்தைக் கூட்டி வந்ததல்ல.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஒரு சென்ட்டுக்கு 40.4686 சதுர மீட்டர் என்று வைத்து. 499.6 சதுர மீட்டர் என்பது 12.345 சென்ட், திரையில் 12.3. அடுத்த நாலு துண்டும் 333.7, 613.0, 256.7, 374.2, அவை 8.246, 15.148, 6.343, 9.247 சென்ட். கவனித்தீர்களா, அஞ்சுமே கீழ்ப்பக்கம்தான் விழுகிறது. பொதுவாக ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், ஓரளவுக்குச் சரிக்கட்டிக்கொள்ளும். உங்களுக்கு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. மொத்தச் சதுர மீட்டர் 2077.2, அதை வகுத்தால் 51.329. இதை 51.1 என்று எழுதினால் காணாமல் போவது 0.229 சென்ட், அதாவது ஏறக்குறைய 100 சதுர அடி. பத்துக்குப் பத்து ரூம் ஒன்று, சும்மா போச்சு! பாகம் பிரிக்கிற நேரத்தில் இது சின்ன விஷயமில்லை.

காட்டுகிற எண்ணும் வைத்திருக்கிற எண்ணும் வேறு வேறு. தசமத்தைக் குறைக்கிற பொத்தானை அழுத்தினால் செல்லுக்குள் இருக்கிற எண் அப்படியேதான் இருக்கும், தோற்றம் மட்டும் மாறும். ROUND போட்டால் அந்த வாய்ப்பாடு தருகிற மதிப்பே மாறிவிடும், அதற்கப்புறம் வருகிற கணக்கெல்லாம் அந்தக் குறைந்த எண்ணில்தான் ஓடும். அதனால் அளந்த சதுர மீட்டரை B பத்தியில் தொடாமல் வைத்துவிட்டு, சென்ட்டை C பத்தியில் கணக்கிடுங்கள். மொத்தத்தை B-யிலிருந்தே எடுங்கள்:

```
C2:  =B2/40.4686
C7:  =SUM(B2:B6)/40.4686
```

தம்பிமாருக்குக் காட்ட இன்னொரு செல்லில் இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(ROUND(C2:C6,1))
```

இது 51.1 தரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே புரியும்.

கொடுக்கிற தாளில் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும் என்றால் தசமத்தைக் கூட்டிக் காட்டுங்கள். இரண்டு தசமம் போதும் என்று நினைப்பீர்கள், போதாது: 12.35, 8.25, 15.15, 6.34, 9.25 கூட்டினால் 51.34, கீழே நிற்பது 51.33. உங்கள் எண்களுக்கு மூன்று தசமத்தில்தான் 51.329 என்று அச்சாக ஒத்துவருகிறது. வேறு நிலத்துக்கு மூன்றிலும் கடைசி இலக்கம் ஒன்று தள்ளலாம், அப்போது "மொத்தம் முழு அளவிலிருந்து கணக்கிடப்பட்டது" என்று அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மற்றபடி மூன்றாவது தசமம் தெரிகிறதே என்று அளவு அவ்வளவு துல்லியம் என எண்ண வேண்டாம். டேப் பிடித்த கைக்கு எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான்.

ஏற்கெனவே குறைத்ததை மறுபடி குறைப்பதும் வினைதான். 12.3454-ஐ நேராக ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 12.3. யாரோ முதலில் 12.35 என்று எழுதிக்கொடுத்து, அதை நீங்கள் மறுபடி குறைத்தால் 12.4. அதே வயல்தான்!

எக்செல்லில் `Set precision as displayed` என்று ஒரு தேர்வு இருக்கிறது. "கணக்கு ஒத்துப்போக இதை டிக் பண்ணு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நீங்கள் தட்டச்சிட்டு வைத்த எண்களையே திரையில் தெரிகிற அளவுக்கு நிரந்தரமாக வெட்டிவிடும், அப்புறம் டிக்கை எடுத்தாலும் திரும்பி வராது. அதைவிட அதிகம் பேர் மாட்டுகிற இடம் CSV. எக்செல் கோப்பை CSV ஆகச் சேமித்தால் போவது திரையில் தெரிகிற எண்தான், 12.345 உள்ளே இருந்தாலும் வெளியே 12.3. லிப்ரே ஆபீஸிலும் சேமிக்கும்போது `Save cell content as shown` டிக் ஆகியிருந்தால் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் அப்படியே. ஆகவே CSV எடுக்கிறதுக்கு முன்னால் தசமங்களை விரித்துவிட்டு எடுங்கள்.

யாரோ அனுப்பிய கோப்பில் முழு எண் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, செல்லைத் தட்டி மேலே இருக்கிற வாய்ப்பாட்டுப் பட்டையைப் பாருங்கள். அங்கேயும் 12.3 என்று நின்றால் மீதி போய்விட்டது, எஃப்எம்பி வரைபடத்தையோ அளந்த நோட்டையோ தேடி எடுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். அங்கே `=B2/40.4686` என்று வாய்ப்பாடு தெரிந்தால் தைரியமாக இருக்கலாம், ஆனால் அப்படியே B2-வையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.