16 வருஷமா, 17 வருஷமா? கிராஜுவிட்டியில் ஒரு வருஷம் தொலையும் இடம்

கேள்வி: கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். 2008 அக்டோபர் 10-ல் சேர்ந்தேன், 2025 ஏப்ரல் 30-ல் ரிட்டயர் ஆனேன். கடைசிச் சம்பளம் 18,000. அதில் பேசிக் 9,100, டி.ஏ. 6,500, மிச்சம் வீட்டு வாடகைப் படியும் பஸ் படியும். எங்களை மாதிரி அறுபது பேர் வேலை பார்க்கும் இடம். இழுத்தடித்து இப்போதுதான் கிராஜுவிட்டி கணக்கைக் கொடுத்தார்கள். 16 வருஷம், 1,24,800 ரூபாய் என்று போட்டிருக்கிறது. ஆறு மாசம் தாண்டினால் ஒரு வருஷம் என்று எங்கள் யூனியன் அண்ணன் சொல்கிறார். யார் சொல்வது சரி? என்னோடு இருந்த ஒரு பெண் 4 வருஷம் 7 மாசத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் 5 வருஷமாகக் கணக்கு வருமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்: யூனியன் அண்ணன் சொன்னதுதான் சரி அம்மா. உங்களுக்கு வர வேண்டியது 1,53,000 ரூபாய். கம்பெனி கணக்கில் 28,200 ரூபாய் குறைகிறது.

முதலில் வருஷத்தைப் பார்ப்போம். 2008 அக்டோபர் 10-லிருந்து 2024 அக்டோபர் 9 வரை முழுதாக 16 வருஷம். அடுத்த நாளிலிருந்து 2025 ஏப்ரல் 9 வரை சரியாக ஆறு மாதம். அதற்கு மேலும் ஏப்ரல் 30 வரை 21 நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள். 1972-ம் வருஷத்துப் பணிக்கொடை வழங்கல் சட்டம், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை ஒரு முழு வருஷமாக எடுக்கச் சொல்கிறது. ‘மேற்பட்ட’ என்பதைக் கவனியுங்கள். ஏப்ரல் 9-ம் தேதியோடு நின்றிருந்தால் சரியாக ஆறு மாதம், அது கணக்கில் வராது, 16 வருஷம்தான். ஏப்ரல் 10 அன்று ஒரு நாள் வந்திருந்தாலே 17. நீங்கள் அதைத் தாண்டி மூன்று வாரம் இருந்திருக்கிறீர்கள்.

இனி சம்பளம். 18,000-ஐ வைத்துக் கணக்குப் போட முடியாது. வாடகைப் படி, பஸ் படி இரண்டும் கிராஜுவிட்டிக்குச் சேராது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 15,600, இதுதான் அடிப்படை. இதில் கம்பெனி தவறு செய்யவில்லை.

வருஷத்தைத் தவிர இன்னொரு தவறு அடுத்த இடத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது சட்டம். ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது அதன் அர்த்தம். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. 15 நாளுக்கு 9,000. 17 வருஷத்துக்கு 1,53,000. உங்கள் கம்பெனி 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு வருஷத்துக்கு 7,800, பதினாறால் பெருக்கினால் அவர்கள் சொல்லும் 1,24,800 அப்படியே வருகிறது.

இந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் கிராஜுவிட்டிக்கு எவ்வளவு வரிவிலக்கு என்று பார்க்க இரண்டு கணக்கு இருக்கிறது. பணிக்கொடைச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு 26, ஆறு மாதம் தாண்டினால் முழு வருஷம். அந்தச் சட்டத்துக்குள் வராதவர்களுக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசிப் பத்து மாதச் சராசரியில். முழு வருஷங்கள் மட்டும், மிச்ச மாதங்கள் எத்தனை இருந்தாலும் போய்விடும். உங்கள் தாளில் உள்ள அரை மாதமும் 16 வருஷமும் இந்த இரண்டாவது கணக்கின் அடையாளம். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் வரிக்கான கணக்கை எடுத்துக் கொடுக்க வேண்டிய தொகைக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். அறுபது பேர் இருக்கும் இடத்தில் இரண்டாவது கணக்குக்கு இடமே இல்லை.

இன்னொரு வழியிலும் 16 வந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள். சில இடங்களில் முதல் ஆறு மாத புரொபேஷனைக் கழித்துவிட்டு, வேலை நிரந்தரமான தேதியிலிருந்து எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் உங்கள் ஆறு மாதம் 21 நாளில் வெறும் 21 நாள்தான் மிஞ்சும், ஒரு வருஷம் காணாமல் போய்விடும். இது செல்லாது. புரொபேஷன் காலமும் சர்வீஸ்தான். அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருந்த காலம் மட்டும் வேறு. சேர்ந்த தேதிக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கில் பதிவான சேர்ந்த தேதி இவற்றை எடுத்து வையுங்கள்.

அந்தப் பெண்ணின் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆறு மாதம் தாண்டினால் முழு வருஷம் என்பது, எவ்வளவு தொகை என்று கணக்கிட மட்டும்தான். கிராஜுவிட்டிக்கு உரிமை உண்டா என்பதற்கு வேறு அளவுகோல்: ஐந்து வருஷம் தொடர்ச்சியான சர்வீஸ். 4 வருஷம் 7 மாதத்தை 5 என்று ஆக்கி உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவே ஒரு வருஷத் தொடர் சர்வீஸ் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏழு மாதத்தில் மொத்த நாட்களே 215-ஐத் தாண்டாது. அதனால் அவருக்கு வராது. இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருந்து 240-ஐத் தொட்டிருந்தால், அதே ஆறு மாத விதிப்படி 5 வருஷத் தொகையே கிடைத்திருக்கும். வேலையை விடும் தேதியைக் குறிப்பதற்கு முன் இந்த நாட்களை எண்ணிப் பார்க்காமல் விடாதீர்கள். இறந்துபோனாலோ, வேலை செய்ய முடியாமல் உடல் முடங்கினாலோ இந்த ஐந்து வருஷ நிபந்தனை கிடையாது.

நீங்கள் ரிட்டயர் ஆனது ஏப்ரல் 2025 என்பதால் பழைய சட்டம்தான். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் 15 நாள், 26, ஆறு மாதம் எதுவும் மாறவில்லை. ஆனால் சம்பளம் எது என்பது மாறியிருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும். 30,000 வாங்குபவருக்கு பேசிக் 10,000, படிகள் 20,000 என்று பிரித்திருந்தால், கணக்குக்கு 15,000.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி, சேர்ந்த தேதி, விட்ட தேதி ஆதாரங்களோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்புங்கள். விண்ணப்பப் படிவம் ‘ஐ’ இதுவரை கொடுக்கவில்லை என்றால் அதையும் சேர்த்துவிடுங்கள். ரிட்டயர் ஆன 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் இது, தாமதத்துக்கு வருஷம் 10 சதவீதம் சாதாரண வட்டி கேட்கலாம். 1,53,000-க்கு மாதம் சுமார் 1,275 ரூபாய். 1,24,800-க்குக் காசோலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாக’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கம்பெனி மசியவில்லை என்றால் மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் பணிக்கொடைச் சட்டத்துக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் படிவம் ‘என்’ கொடுங்கள். குறைந்த தொகை எழுதிய கணக்கு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாள் அதற்கு அவகாசம். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அந்த நிலைக்கு விட வேண்டாம். வரி பற்றிக் கவலைப்படாதீர்கள், சட்டப்படி வரும் 1,53,000-க்கு வருமான வரி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வட்டி வந்தால் அதை மட்டும் தனி வருமானமாகக் காட்ட வேண்டும்.