குழுப் படத்தில் கூடும் அழகு தனிப்படத்தில் ஏன் குறைகிறது?

கேள்வி: வரன் பார்க்கப் புகைப்படம் கேட்கிறார்கள். தோழிகளோடு எடுத்த படங்களில் நன்றாக இருக்கிறேன். தனியாக எடுத்த செல்ஃபியில் அப்படி இல்லை. குழுப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் அருகில் தோழிகள் இருந்ததால் வந்த கூடுதல் அழகு, வெட்டிய படத்தோடு வராது.

உளவியலில் இதைச் 'சியர்லீடர் விளைவு' என்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ட்ரூ வாக்கரும் எட்வர்ட் வுல்லும் மூவர் சேர்ந்து நிற்கும் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை குழுவிலும் ஒருமுறை அதே படத்திலிருந்து வெட்டித் தனியாகவும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். முகமும் சிரிப்பும் வெளிச்சமும் துளியும் மாறவில்லை. இருந்தும் குழுவில் பார்த்தபோது மதிப்பெண் சற்றுக் கூடியது. நீங்கள் செய்ய நினைக்கும் வெட்டும் இதுவேதான் என்பதால், 2014-இல் வெளியான அந்த ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

அவர்கள் தந்த விளக்கம் இது. பல முகங்களை ஒருசேரப் பார்க்கும்போது, கண் அவற்றின் சராசரியைத் தானாகவே கணித்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு முகமும் அந்தச் சராசரியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே மனத்தில் பதிகிறது. சராசரி முகமோ பெரும்பாலும் தனி முகங்களைவிட அழகாகத் தெரியும், ஏனெனில் ஒருவருடைய கோணல் மூக்கும் இன்னொருவருடைய அகன்ற தாடையும் ஒன்றையொன்று சமன்செய்து மறைந்துவிடுகின்றன. காரணம் இதுதானா என்பதில் பின்வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழுவில் ஒரு முகத்தைக் குறைந்த நேரமே பார்ப்பதால்தான் இப்படி நேர்கிறது என்ற ஐயத்தை மட்டும் சோதனைகள் ஆதரிக்கவில்லை.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த விளைவு மிகச் சிறியது என்பதைத்தான். நூறு மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு. உங்கள் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் வித்தியாசத்தை இது உண்டாக்காது. அதற்குக் காரணம் அநேகமாகக் கேமராவின் தூரம். செல்ஃபியில் கேமரா முகத்திலிருந்து ஓர் அடியில் இருக்கிறது. அந்த நெருக்கத்தில் மூக்கு, ஐந்தடியில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். குழுப் படத்தை யாரோ ஒருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்திருப்பார். நீங்களும் பேச்சின் நடுவே இயல்பாகச் சிரித்திருப்பீர்கள்.

வெட்டிய படத்தையும் செல்ஃபியையும் அருகருகே வைத்து மூக்கையும் காதுகளையும் பாருங்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரிந்தால் கோளாறு தூரத்தில்தான். அப்படியானால், தோழி ஒருவரை ஆறடி தள்ளி நிற்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில், பேசிக்கொண்டே தனிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்றவரின் தோளும் கையும் துண்டாகத் தெரியும் வெட்டுப் படத்தைவிட அதையே நான் பரிந்துரைப்பேன்.