எந்த பில், எத்தனை பீஸ், என்ன குறை?

"ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் வாங்கிய நைட்டியில் 14 பீஸைத் திருப்பி அனுப்பினேன். 'சரக்கு சரியில்லை, ரிட்டர்ன் போட்டாச்சு, டெபிட் நோட் 3,528 ரூபாய், அடுத்த பேமென்டில் கழிச்சுக்கிறோம்' என்று வாட்ஸ்அப் செய்தேன். பில்லையும் பார்த்துவிட்டு, 'கணக்கு ஒத்து வரலை' என்கிறார். எப்படி எழுதியிருக்க வேண்டும்?"
— ஜவுளிக்கடைக்காரர், திண்டுக்கல்

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பியிருந்த பில் நகலைப் பார்த்தேன். கணக்கு ஒத்து வராததற்குக் காரணம் அதிலேயே இருக்கிறது. பீஸ் 240 ரூபாய்தான், ஆனால் கீழே 5 சதவீதம் தள்ளுபடி போட்டிருக்கிறார். நீங்கள் முழு விலைக்குக் கழித்துவிட்டீர்கள். 14 பீஸுக்கு 3,360, தள்ளுபடி 168 போக 3,192. அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 159.60 சேர்த்தால் 3,351.60. நீங்கள் 176.40 கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். வாங்கியபோது எப்படிக் கணக்குப் போட்டாரோ, திருப்பும்போதும் அப்படியேதான் போட வேண்டும்.

பில் எண் எழுதும்போது அவர் பில்லில் அச்சான எண்ணையே எழுதுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் கொடுக்கும் பர்ச்சேஸ் எண் அவருக்குப் புரியாது. நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

'சரியில்லை' என்பது குறையைச் சொல்லவில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் மெரூன் சாயம் ஒட்டுகிறது என்று கடிதத்தில் எனக்கு எழுதினீர்களே, அதை அவருக்கும் எழுதுங்கள். சாயம் பிடித்த துணியையும் டிசைன் எண் உள்ள டேக்கையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பினால் அவர் சாயப்பட்டறையிடம் பேச முடியும்.

இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. உங்கள் பில் எண் 418, தேதி 5-11-2025. அதில் வந்த 60 நைட்டியில் டிசைன் 27, மெரூன், 14 பீஸ் சாயம் போகிறது. ஈரத்துணியில் தேய்த்த படம் இணைத்துள்ளேன். மற்ற 46 பீஸ் நன்றாக இருக்கிறது. 14 பீஸையும் 18-11-2025 அன்று லாரியில் அனுப்பினோம், ரசீது படம் இத்துடன். எங்கள் டெபிட் நோட் எண் 7: தள்ளுபடி போக 3,192, ஜி.எஸ்.டி. 159.60, மொத்தம் 3,351.60. சரக்கைச் சரிபார்த்து இதே பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் அனுப்புங்கள். வந்ததும் பேமென்டில் கழித்துக்கொள்கிறோம்."

கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் டெபிட் நோட் உங்கள் கணக்குக்குத்தான். அவர் கட்டிய வரி குறைய, ஜி.எஸ்.டி. சட்டம் 34-வது பிரிவுப்படி அவரே கிரெடிட் நோட் போட வேண்டும். 2025-26 பில்லுக்கு அதை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள், எது முந்தியோ அதற்குள் கணக்கில் காட்டியாக வேண்டும். நீங்களும் அந்த 159.60-க்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பழைய செய்தியை அழிக்காமல், "முந்தைய தொகையில் தள்ளுபடி விடுபட்டுவிட்டது, இதுவே சரியான கணக்கு" என்று முதல் வரியில் சேர்த்து இன்றே அனுப்பிவிடுங்கள்.