வத்தக்குழம்பு என்று ஓர் அத்தியாயம்

கேள்வி: நாவலை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பும் அத்தியாயப் பெயர்களும்தான் அமையவில்லை. கதையைக் கோடிகாட்ட வேண்டும், ஆனால் முடிவு வெளியே தெரிந்துவிடக் கூடாது. எப்படி வைக்கிறீர்கள்?

நான் எழுதிய நாவலின் பொருளடக்கத்தை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து அத்தையிடம் கொடுத்தேன். கதை அவருக்குத் தெரியாது. பதினான்கு பெயர்களையும் படித்துவிட்டு, "அந்தப் பையன் செத்துட்டான், அப்பாதானே கடிதாசி எழுதினாரு?" என்று கேட்டார். இரண்டு வருட உழைப்பு அரை நிமிடத்தில் உடைந்துபோனது.

கதை இதுதான். 1986, ஒரு கிராமத்துத் தபால்காரர் வீடு. மூத்த மகன் ரகு கோபித்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டான். மாதம் ஒரு கடிதம் வருகிறது, அம்மா அதை வைத்தே உயிர் வாழ்கிறாள். ரகு எப்போதோ இறந்துவிட்டான் என்பதும், அவன் கையெழுத்தைப் பழகி எழுதியவர் தபால்காரரான அப்பாவே என்பதும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் தெரியவேண்டும். நான் முதலில் வைத்த தலைப்பு 'அப்பாவின் கடிதங்கள்'. அத்தியாயப் பெயர்கள் 'ரகு ஓடிப்போனான்', 'செல்வியின் சந்தேகம்', 'அப்பா மாட்டிக்கொண்டார்', 'தந்தி' என்று போயின.

அத்தையிடம் எந்தப் பெயர் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். 'மாட்டிக்கொண்டார்' என்றார். அப்போதுதான் தமிழில் வினைமுற்று எவ்வளவு பேசுகிறது என்று எனக்கு உறைத்தது. 'ஆன்', 'ஆள்', 'ஆர்' என்ற விகுதி ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா என்று சொல்லிவிடும். நடந்து முடிந்ததா இல்லையா என்பதையும் அந்த ஒரே சொல் சொல்லிவிடும். 'திரும்பி வந்தாள்' என்று பெயர் வைத்தால் வந்தது பெண் என்பதும், வந்தேவிட்டாள் என்பதும் அத்தியாயம் தொடங்கும் முன்பே கையில் கிடைத்துவிடும். 'திரும்பி வந்த இரவு' என்று பெயரெச்சமாக்கிப் பாருங்கள். யார் வந்தார் என்பது மறைந்துவிடுகிறது, இரவு மட்டும் நிற்கிறது. வேற்றுமை உருபும் இப்படித்தான். 'கிணறு' என்றால் ஊரில் உள்ள கிணறு. 'கிணற்றுக்குள்' என்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் நான் பட்டியலை எடுத்து வைத்து முதலில் பார்ப்பது வினைமுற்றுகளையும் உருபுகளையும்தான்.

எல்லா வினைமுற்றும் தப்பு என்று இல்லை. 'ரகு ஓடிப்போனான்' என்பதை அப்படியே விட்டேன். இரண்டாம் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும் செய்தியை ஒளித்து என்ன பயன்? கல்கி 'பொன்னியின் செல்வ'னில் வினைமுற்றுப் பெயர்களை நிறையவே வைத்தார். அதன் கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. உதிர்ந்தது பூ, அஃறிணை விகுதி. படித்து முடித்தவருக்குத்தான் அந்தப் பூ யாரென்று தெரியும். உயர்திணை விகுதி ஒன்று அங்கே வந்திருந்தால் பெயரே கதையைச் சொல்லியிருக்கும். மூன்றாம் பாகத்துக்கு 'கொலைவாள்' என்று பெயர். ஆயுதம் தெரிகிறது, ஓங்கியவரும் விழப்போகிறவரும் தெரியவில்லை. கோடிகாட்டுவது என்றால் எனக்கு இந்த அளவுதான்.

அடுத்து 'தந்தி'. இதில் உருபும் இல்லை, விகுதியும் இல்லை, வெறும் பெயர்ச்சொல்தான். ஆனாலும் அத்தைக்கு அது போதுமாக இருந்தது. 2013-ல் தந்திச் சேவை நின்றே போனாலும், அந்தக் காலத்து வீடுகளில் தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் வயிறு கலங்கும். 'பதினாறாம் நாள்', 'வெள்ளைச் சேலை' போன்றவையும் இதே வகை. சொல்லுக்கு வீட்டில் என்ன பொருள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரி, அந்த அத்தியாயத்துக்கு வேறு என்ன வைப்பது? காட்சியை மறுபடி படித்தேன். அப்பா அஞ்சலகத்தில் தந்தியைப் பிரிக்கிறார். சட்டைப் பையில் மடித்து வைக்கிறார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு உட்காருகிறார். அம்மா ரகுவுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்திருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். நான் எழுதியதில் எனக்கே மிகவும் வலித்த இடம் அந்த இரண்டாம் முறைதான். அத்தியாயத்துக்கு 'வத்தக்குழம்பு' என்று பெயர் வைத்தேன். பொருளடக்கத்தில் பார்ப்பவருக்கு அது ஒரு சாப்பாடு. படித்து முடித்தவருக்கு அந்தச் சொல் வேறாகிவிடும்.

இப்படி அந்தக் காட்சியில் கண்ணில் படும், கையில் தொடும் ஒரு பொருளைத் தேடுவது பெரும்பாலும் பலன் தரும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. கடிதங்கள் எல்லாம் ஊதா மையில் வரும். மூன்றாம் அத்தியாயத்தில் அப்பா மகள் செல்வியின் பரீட்சைக்கு நீல மை வாங்கப் போய், கூடவே ஒரு ஊதா மைக்குப்பியும் வாங்குவார். ஒரே வரிதான். அந்த அத்தியாயத்துக்கு 'ஊதா மை' என்று வைத்திருந்தேன். பார்க்க அழகான பெயர், ஆனால் துப்பின் மேல் நானே விரலை வைத்துக் காட்டியதுபோல் ஆகிவிட்டது. வாசகர் கண் அந்த வரியில் நின்றுவிடும். துப்பை விதைக்கும் இடத்தில் பெயர் வேறு பக்கம் பார்க்கவேண்டும், அதனால் அதை 'அரைப் பரீட்சை' ஆக்கினேன். 'ஊதா மை' ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போனது. அங்கே செல்வி அப்பாவின் கட்டைவிரலில் கறையைப் பார்த்துவிடுகிறாள். 'செல்வியின் சந்தேகம்' என்ற பெயர் அதோடு போயிற்று. சந்தேகம், துரோகம், ரகசியம், உண்மை போன்ற சொற்கள் எந்தக் கதைக்கும் பொருந்தும் என்பதால் உங்கள் கதையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

நூல் தலைப்புக்குத்தான் அதிக நாள் ஆனது. அத்தியாயப் பெயர் ஒரு காட்சியைத் தாங்கினால் போதும். நூல் தலைப்பு படிக்கும் முன் ஒரு பொருளும் படித்த பின் இன்னொரு பொருளும் தரவேண்டும், இரண்டும் பொய்யாக இருக்கக் கூடாது. 'பம்பாய்க் கடிதம்' என்று ஒன்று வைத்துப் பார்த்தேன். கடிதம் பம்பாயிலிருந்து வரவே இல்லையே, அது வாசகரை ஏமாற்றுவது. பிறகு கதையில் மறுபடி மறுபடி வரும் சொற்களை எழுதிப் பார்த்தபோது 'கையெழுத்து' என்ற சொல் கண்ணில் பட்டது. 'மூத்தவன் கையெழுத்து' என்று வைத்தேன். முன்னால் படித்தால் தூரத்தில் இருக்கும் மகன், அவன் கடிதத்துக்குக் காத்திருக்கும் வீடு. பின்னால் படித்தால் ஒரு தகப்பன் ராத்திரியில் உட்கார்ந்து மகனின் 'ழ'கரச் சுழியைப் பழகுவது. எழுத்து அவனுடையதுதான், எழுதிய கை மட்டும் வேறு.

முடித்ததும் புதுப் பட்டியலைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அத்தைக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே, அவரிடம் இனிச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புது ஆள் வேண்டும். "பிடிச்சிருக்கா" என்று கேட்கவில்லை, "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க" என்றுதான் கேட்டேன். "பையன் அங்கேயே யாரையோ கட்டிக்கிட்டான், வீட்டுல மறைக்கிறான். சரியா?" என்றார். பம்பாய், கடிதம், மறைப்பு மூன்றும் அவருக்குக் கிடைத்திருந்தன, மரணம் கிடைக்கவில்லை. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

நீங்கள் தொடராக இணையத்தில் போடுவதாக இருந்தால் இந்தச் சோதனையை முழுப் பட்டியலுக்கும் செய்யுங்கள். பாதியில் வந்து சேரும் வாசகர் முதல் அத்தியாயத்தைத் திறக்கும் முன்பே எல்லா அத்தியாயப் பெயர்களையும் வரிசையாகப் பார்த்துவிடுவார், பன்னிரண்டாவதையும் சேர்த்து.