காலி பண்ணின வீட்டுக்கு பிராட்பேண்ட் பில்: யாரிடம், எந்த வரிசையில் போவது?

போன், பிராட்பேண்ட் பில் தகராறு பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிப் பேர் ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள், அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

மார்ச்சில் திருச்சி வீட்டைக் காலி செய்யும்போதே பிராட்பேண்ட் இணைப்பை நிறுத்தச் சொல்லி மோடத்தையும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மூன்று மாதமாக மாதம் 942.82 ரூபாய் பில் வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் "பார்க்கிறோம் சார்" என்கிறார்கள். எத்தனை நாள் காத்திருப்பது?

நீங்கள் இதுவரை புகார் கொடுத்திருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போனில் பேசியது உண்மைதான், ஆனால் அவர்கள் அதைச் 'சர்வீஸ் ரிக்வெஸ்ட்' என்று பதிந்திருப்பார்கள், இல்லையென்றால் பதியவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு புகார் தீர்வு விதிகளின்படி நிறுவனம் ஒவ்வொரு புகாருக்கும் தனியாக ஒரு டாக்கெட் எண் கொடுக்க வேண்டும், அதை உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கெடு ஓடத் தொடங்குவது அந்த எண் பதிவான நாளிலிருந்துதான். பில் சம்பந்தமான புகார் என்றால் நான்கு வாரம்.

அதனால் இன்றைக்கே கூப்பிட்டு, "இது பில்லிங் கம்ப்ளைன்ட், டாக்கெட் நம்பர் கொடுங்கள்" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். எஸ்எம்எஸ் வரும்வரை போனை வைக்காதீர்கள். கையோடு அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்: இணைப்பை நிறுத்தச் சொன்ன தேதி, மோடம் கொடுத்த ரசீது, அதற்குப் பிறகு வந்த மூன்று பில்கள், மொத்தம் 2,828.46 ரூபாய் (799-ம் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், மூன்று மாதத்துக்கு). என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். 'மூன்று பில்களையும் ரத்து செய்து, பாக்கி ஏதும் இல்லை என்று எழுத்தில் தரவும்' என்று கேட்டால் அவர்களால் நழுவ முடியாது. 'தகுந்த நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதினால் "நடவடிக்கை எடுத்தாயிற்று" என்று பதில் வரும், அவ்வளவுதான்.

ஜூன் 3-ஆம் தேதி டாக்கெட் எண் வாங்கினீர்கள் என்று வையுங்கள். ஜூலை 1-ஆம் தேதியோடு நான்கு வாரம் முடிகிறது. பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் அதற்குப் பிறகு 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அப்பீல் போட வேண்டும். ஜூலை கடைசிவரை இருக்கிறதே என்று விட்டுவைக்காமல் முதல் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஜூலை 10-ஆம் தேதி போட்டால், அவருக்கு விதி கொடுக்கும் 39 நாள் ஆகஸ்ட் 18-இல் முடியும். அப்பீலுக்குக் கட்டணம் கிடையாது.

மேல்முறையீட்டு அதிகாரி யார் என்று நிறுவனத்தின் தளத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவரும் அந்தக் கம்பெனி ஆள்தானே, என்ன பிரயோஜனம்?

டிராயின் tccms.trai.gov.in தளத்தில் நிறுவனத்தையும் மாநிலத்தையும் தேர்ந்தெடுத்தால் புகார் மையத்தின் எண்ணும் மேல்முறையீட்டு அதிகாரியின் விவரமும் கிடைக்கும். அப்பீலில் பழைய டாக்கெட் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், அது இல்லாத அப்பீல் புதுப் புகாராகத் திரும்பக் கீழேயே போய்விடும். அப்பீலுக்கும் தனி எண் வரும், அதையும் பத்திரப்படுத்துங்கள்.

கம்பெனி ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பீல் அவரிடம் போகும்முன் இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழு அதைப் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் டிராயில் பதிவு செய்த நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். கால் சென்டரில் உங்கள் போனை எடுப்பவருக்கு பில்லை ரத்து செய்யும் அதிகாரம் இருக்காது, இவருக்கு இருக்கும். என் அனுபவத்தில், ரசீது கையில் இருக்கும் கேஸ்களில் நிறைய இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. ரசீது இல்லாத கேஸ்தான் இழுக்கும்.

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. பில் மட்டும் அப்படியே இருக்கிறது. மறுபடி புகார் கொடுக்கிறேன், மறுபடி அதே எஸ்எம்எஸ்.

மறுபடி மறுபடி கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு புதுப் புகாருக்கும் நான்கு வாரம் புதிதாகத் தொடங்குகிறது, அது அவர்களுக்குத்தான் வசதி. அந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே தேதிக்குப் பிறகு வந்த பில்லைப் பக்கத்தில் வைத்து நேராக அப்பீல் போடுங்கள். தீர்த்ததாகச் சொன்னதும் தீராததும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் விளக்கம் அதிகம் எழுத வேண்டியிருக்காது.

டிராய்க்கே நேரடியாக எழுதினேன். நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அப்புறம் எதற்கு அந்த அமைப்பு?

இந்தக் கோபம் எனக்கும் உண்டு. தனிநபரின் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் டிராய்க்குக் கொடுக்கவில்லை. விதி போடலாம், நிறுவனங்களைக் கண்காணிக்கலாம், உங்கள் கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பலாம், அவ்வளவே. தொலைத்தொடர்புத் தகராறுகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயமும் தனி நுகர்வோரின் பில் வழக்குக்கான இடமில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு pgportal.gov.in வழியாகப் புகார் போடலாம், நிறுவனத்தின் வேறொரு மட்டத்துக்கு அது போய்ச் சேரும், சில நேரம் வேலை நடக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ம் அப்படித்தான், நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட மாட்டார்கள். உத்தரவு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான்.

தொலைபேசி வழக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஒரு வக்கீல் சொன்னார். உண்மையா?

பழைய சங்கதி. 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது, தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு பதில் மனுவில் பழைய தீர்ப்பை எடுத்துவந்தால் இதைக் காட்டுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கஸ்டமர் கேரோடு மாரடித்த மாதங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஆதாரம். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் மின்னணு ஆதாரம், அவற்றோடு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் வைத்துவிடுங்கள் (முன்பு 65பி என்பார்களே, அதுதான்). நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடவே அதிகபட்சம் 15 நாள், அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட அதிகம் ஆகும், தயாராக இருங்கள்.

2,800 ரூபாய்க்கு இவ்வளவு தேவையா? கட்டித் தொலைத்துவிடலாமா?

கட்டுவது உங்கள் இஷ்டம், ஆனால் பேசாமல் கட்டிவிட்டால் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கணக்கில் நிற்கும், அடுத்த மாதமும் பில் வரும். வசூல் ஆட்களின் தொல்லை தாங்காமல் கட்டுவதாக இருந்தால், 'ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், டாக்கெட் எண் இது, திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு' என்று முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அப்புறம் கட்டுங்கள். அந்த ஆட்கள் போன் செய்தாலும் அதே எண்ணைச் சொல்லி, எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.