பில் ஆப் எடுப்பதற்கு முன் கால் கிலோ பருப்பை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

கேள்வி: வீட்டு முன்பக்கத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போனிலேயே பில் போட்டு ஸ்டாக்கும் பார்க்க எந்த ஆப் நல்லது?

ஆப் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்று யாராவது வருவார்கள். உங்கள் கடையிலும் பாதிச் சரக்கு எடை போட்டு விற்பதாகத்தான் இருக்கும். எங்களுக்கு அடி விழுந்ததும் அங்கேதான்.

முதலில் எடுத்த ஆப்பில் ஒரு பொருளுக்கு ஒரே அளவுதான் வைக்க முடியும். துவரம் பருப்பை 50 கிலோ மூட்டையாக வாங்குவதால் 'மூட்டை' என்றே பதிந்தேன். அம்மா எடை போட, நான் பில் போடுவேன். கால் கிலோ என்றால் மூட்டையில் 0.005. அந்த ஆப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 0.005 போட்டால் 0.01 ஆகிவிடும். அதாவது கால் கிலோ விற்றால் அரை கிலோ கழியும். தொகையை நானே கையால் போட்டதால் பில்லில் தப்பு தெரியவில்லை.

80 தடவை கால் கிலோ விற்றபோது மூட்டையில் 30 கிலோ இருந்தது. ஆப்போ 0.20 மூட்டை, அதாவது பத்து கிலோதான் இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அடுத்த மூட்டையை இறக்கினேன். இரண்டு மூட்டையும் விற்றுத் தீர்வதற்குள் பருப்பில் வண்டு விழுந்துவிட்டது. ஆப்பை எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன், இலவச நாட்களிலேயே இதைச் செய்யுங்கள். ஒரு பொருளைக் கிலோவில் பதிந்து, 1 மூட்டை = 50 கிலோ என்று இரண்டாவது அளவு கொடுங்கள். ஒரு மூட்டை கொள்முதல் போட்டு, 250 கிராம் வீதம் நான்கு பில் போடுங்கள். மீதி சரியாக 49 கிலோ காட்ட வேண்டும். இரண்டாவது அளவே இல்லையென்றால் அந்த ஆப் மளிகைக்கு ஆகாது. அப்புறம் இன்னொரு போனில் அதே நம்பரில் நுழைந்து, அந்த நான்கு பில்லும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், போன் தொலைகிற அன்றைக்குக் கடன் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், பில்லில் ஜிஎஸ்டி வருவதை அணைத்துவிடுங்கள். பதிவு இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் தராசில் சாக்கோடு சேர்த்துத்தான் அந்த 50 வருகிறது. மொத்தக் கடையில் கேட்டால், "எல்லாருக்கும் இதான்மா" என்று அம்மாவிடம் முகம் கொடுக்காமல் சொல்கிறார்கள். நாங்கள் கிராம் குறைத்தால் தெருவே பேசும், அவர்களைக் கேட்க ஆளில்லை. அதனால் வந்ததும் எடை போட்டு, சாக்கைக் கழித்து, 49.4 என்றால் 49.4 என்றே ஆப்பில் பதிகிறேன். ஞாயிறு மதியம் மீதியை எடை போட்டு ஒப்பிடுவேன். சிந்தியது, கொசுறு எல்லாம் சேர்ந்து மூட்டைக்கு அரை கிலோ வரை குறையும். அதற்கு மேல் குறைந்தால், யாருக்கோ பில் போட விட்டிருக்கிறோம் என்று அந்த வார நோட்டைப் புரட்டுவோம்.